டெண்டர் மெயிலில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது

ஒப்பந்தப்புள்ளியை மின்னஞ்சலில் அனுப்பும்போது இணைப்புகளோடு சேர்த்து எழுதப்படும் சில வரிகள்தான் முகப்பு மெயில். அதன் வேலை, இன்ன டெண்டருக்கு, இன்ன நிறுவனம், இன்னின்ன கோப்புகளை அனுப்பியிருக்கிறது என்று சொல்வது. விலை, நிபந்தனை, வாக்குறுதி எல்லாம் இணைப்பில் உள்ள படிவங்களில் இருக்க வேண்டியவை. அவற்றில் ஒன்று மெயிலுக்குள் வந்துவிட்டாலும் நல்ல ஒப்பந்தப்புள்ளி தள்ளுபடி ஆக வாய்ப்புண்டு.

எல்லா டெண்டருக்கும் மெயில் தேவைப்படாது. தமிழ்நாடு அரசுத் துறைகளின் பெரும்பாலான டெண்டர்கள் `tntenders.gov.in` தளத்திலும், மத்திய அரசின் டெண்டர்கள் `eprocure.gov.in` தளத்திலும் மின்கையொப்பத்தோடு நேரடியாகப் பதிவேற்றப்படுகின்றன. அங்கே முகப்பு மெயிலுக்கு இடமே இல்லை. தளத்தில் ஏற்ற வேண்டியதை மெயிலில் அனுப்பினால் அது கணக்கில் வராது. ஐ.நா. அமைப்புகளின் சில கொள்முதல்கள், தொண்டு நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், தனியார் ஆலைகள், வெளிநாட்டு வாங்குநர்கள் ஆகியோரிடம்தான் மெயில் வழி இன்னும் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தப்புள்ளியை மெயிலில் ஏற்பதாக டெண்டர் ஆவணமே சொல்லியிருக்கும் இடங்களுக்குத்தான் இங்கே சொல்பவை பொருந்தும்.

மூன்று தாள்கள், மூன்று வேலைகள்

குழப்பம் தொடங்குவது பெயரில். டெண்டர் ஆவணத்தோடு ஒரு படிவம் வரும். உலக வங்கிக் கடனில் நடக்கும் கொள்முதல்களில் அதை 'லெட்டர் ஆஃப் பிட்' என்பார்கள். டெண்டர் நிபந்தனைகளை ஏற்கிறோம், இவ்வளவு விலை, இத்தனை நாள் வரை இந்த விலை செல்லும் என்று ஒப்புக்கொண்டு, அதிகாரம் பெற்றவர் கையொப்பமிடும் தாள் அது. நிறுவனத்தைக் கட்டுப்படுத்துவது அந்தத் தாள்தான்.

இரண்டாவது, நிறுவனத்தின் லெட்டர் பேடில் எழுதும் முகப்புக் கடிதம். கேட்டிருந்தால் வைக்கலாம்; கேட்காவிட்டால் வேண்டாம். மூன்றாவது, இவற்றையெல்லாம் சுமந்து செல்லும் மெயில். கட்டுப்படுத்தும் தாள் இணைப்பில் இருக்கும்போது அதே விஷயத்தை மெயிலிலும் எழுதினால், ஒரே விஷயத்துக்கு இரண்டு வாசகங்கள் உண்டாகின்றன. இரண்டும் ஒத்துப்போனால் பயன் எதுவும் இல்லை. ஒத்துப்போகாவிட்டால் எது செல்லும் என்ற கேள்வி எழும். முகப்பு மெயிலைச் சுருக்கமாக வைப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம், அதைப் படிப்பவர் யார் என்பது. முகப்பு மெயிலை முதலில் பார்ப்பவர் பொருளின் தரத்தை எடைபோடும் பொறியாளர் அல்ல. கொள்முதல் பிரிவில், கடைசி நேரம் முடிந்ததும் வந்தவற்றை வரிசைப்படுத்திப் பதிவு செய்யும் அலுவலர். அவருக்கு வேண்டியவை நான்கு: எந்த டெண்டர், யார் அனுப்பியது, எத்தனை கோப்புகள், ஐயம் வந்தால் யாரைக் கேட்பது. "முப்பது ஆண்டு அனுபவம் வாய்ந்த எங்கள் நிறுவனம்" என்று தொடங்கும் பத்தியால் அவருக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. அனுபவத்துக்கு மதிப்பெண் போடும் குழு அதை அனுபவச் சான்றிதழ்களில்தான் தேடும்.

எழுத வேண்டியவை

முதலாவது, முகவரி. டெண்டர் ஆவணத்தில் ஒப்பந்தப்புள்ளி அனுப்ப ஒரு முகவரியும், சந்தேகம் கேட்க வேறொரு முகவரியும் தரப்பட்டிருப்பது வழக்கம். முதல் முகவரியின் பெட்டி, திறக்கும் நேரம் வரை யாரும் பார்க்காதபடி வைக்கப்படுவது. அங்கே போக வேண்டியதைச் சந்தேகம் கேட்கும் முகவரிக்கோ, பழக்கமான அதிகாரிக்கோ நகல் அனுப்பினால், திறக்கும் நேரத்துக்கு முன்பே விலை வெளியே போனதாக ஆகிவிடும். நகல் அனுப்பினாலே ஒப்பந்தப்புள்ளி செல்லாது என்று வெளிப்படையாகவே எழுதிவைக்கும் அமைப்புகளும் உண்டு. ஆகவே 'டு' கட்டத்தில் அந்த ஒரே முகவரி, 'சிசி', 'பிசிசி' கட்டங்கள் காலி. தன் அலுவலக மேலாளருக்கு நகல் வேண்டுமானால், அனுப்பிய மெயிலைப் பிறகு அவருக்குத் தனியே ஃபார்வேர்டு செய்துகொள்ளலாம்.

இரண்டாவது, சப்ஜெக்ட் வரி. ஐ.நா. வளர்ச்சித் திட்டமான யு.என்.டி.பி. மெயில் வழி ஏற்கும் டெண்டர்களில், சப்ஜெக்ட் வரி இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆவணத்திலேயே கொடுத்துவிடும். அப்படி இருந்தால் அதை எழுத்து மாறாமல் நகலெடுத்து ஒட்ட வேண்டும். கொடுக்கப்படாவிட்டால் டெண்டர் எண், பொருள், நிறுவனத்தின் பெயர், எத்தனையாவது மெயில் என்ற வரிசை போதும். டெண்டர் எண் முதலில் வருவது நல்லது; நீண்ட வரியைப் பெட்டியில் பார்க்கும்போது வால்தான் வெட்டுப்படும், தலை நிற்கும். "அவசரம்", "மிக முக்கியம்" போன்ற சொற்களுக்கு அங்கே வேலை இல்லை.

மூன்றாவது, இணைப்புப் பட்டியல். மெயிலின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கோப்பின் பெயரும் பக்க எண்ணிக்கையும், அது எந்த மெயிலில் வருகிறது என்பதும் இருக்க வேண்டும். பல மெயில்களாகப் போகும்போது முழுப் பட்டியலையும் எல்லா மெயில்களிலும் ஒரே மாதிரி வைப்பது சிறந்தது. மூன்றில் ஒன்று வழியில் சிக்கினால், வந்த இரண்டைப் பார்த்தே மூன்றாவது வரவில்லை என்று எதிர்த்தரப்புக்குத் தெரிந்துவிடும். கோப்பின் பெயரில் ஆங்கில எழுத்து, எண், கீழ்க்கோடு தவிர வேறு குறிகள் வேண்டாம். தமிழ் எழுத்தோ சிறப்புக் குறியோ உள்ள பெயர், சில கணினிகளில் உடைந்துபோய் அடையாளம் தெரியாமல் சேரும்.

நான்காவது, விலைக் கோப்பின் கடவுச்சொல் பற்றிய ஒரு வரி. தொழில்நுட்பப் புள்ளியை முதலில் பார்த்து, அதில் தேறியவர்களின் விலையை மட்டும் பிறகு திறப்பது இரண்டு கவர் முறை. மெயிலில் இதற்கு ஈடாக, விலைக் கோப்பைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டி அனுப்பச் சொல்வார்கள். கடவுச்சொல்லைத் தாங்கள் கேட்ட பிறகே தர வேண்டும் என்பது யு.என்.டி.பி.யின் விதி. எனவே மெயிலில் இடம்பெற வேண்டியது கடவுச்சொல் அல்ல. கேட்கும்போது அதைத் தருபவர் யார் என்ற தகவல். அந்த ஆள் விடுப்பில் போய்விட்டால் விலையைத் திறக்க முடியாமல் போகும். அதனால் இரண்டாவதாக ஒருவரின் எண்ணையும் தருவது வழக்கம்.

கடைசியாக, கையொப்பமிடுபவரின் பெயர், பதவி, நிறுவனத்தின் பதிவுப் பெயர், தொலைபேசி. பதிவுப் பெயர், படிவத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். கடைப் பெயரில் மெயில், பதிவுப் பெயரில் படிவம் என்று போனால், அனுப்பியவரும் கேட்டவரும் ஒருவர்தானா என்று விசாரிக்கும் வேலை அந்தக் குழுவுக்கு வந்து சேரும்.

ஒரு மெயில், முழுமையாக

கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனம், வெளிநாட்டில் குடிநீர்த் திட்டத்துக்கு 120 சூரியசக்தி பம்புகள் கேட்கும் டெண்டருக்கு விண்ணப்பிப்பதாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு கவர் முறை. ஒரு மெயிலுக்கு 10 எம்.பி.தான் வரம்பு. தொழில்நுட்பப் புள்ளியும் சான்றிதழ்களும் சேர்ந்து 11.6 எம்.பி. வருகிறது. ஆகவே மூன்று மெயில்கள். முதல் மெயிலின் சப்ஜெக்ட் வரியும் கோப்புகளின் பெயர்களும் இப்படி இருக்கும்:

```
ITB-2025-014 | Solar Pumps | [Company] | Email 1 of 3

01_Technical_Bid.pdf    6.2 MB  Email 1
02_Certificates.pdf     5.4 MB  Email 2
03_Price_Bid.pdf        0.6 MB  Email 3
```

மெயில் ஆங்கிலத்தில் போகும். அதன் உள்ளடக்கம் தமிழில் இவ்வளவுதான்:

"ஐயா / அம்மையீர்,

ITB-2025-014 எண்ணுள்ள டெண்டருக்கு எங்கள் நிறுவனத்தின் ஒப்பந்தப்புள்ளி இத்துடன் அனுப்பப்படுகிறது. இது மூன்று மெயில்களில் முதலாவது.

1. தொழில்நுட்பப் புள்ளி, கையொப்பமிட்ட படிவங்களுடன், 48 பக்கங்கள் (இந்த மெயிலில்).
2. சான்றிதழ்கள், சோதனை அறிக்கைகள், 35 பக்கங்கள் (இரண்டாவது மெயிலில்).
3. விலைப்புள்ளி, கடவுச்சொல்லால் பூட்டப்பட்டது, 4 பக்கங்கள் (மூன்றாவது மெயிலில்).

விலைப்புள்ளியின் கடவுச்சொல், தாங்கள் கேட்கும்போது கீழே கையொப்பமிட்டவரால் தரப்படும். அவரைத் தொடர்புகொள்ள இயலாவிட்டால், கீழே உள்ள இரண்டாவது எண்ணில் கேட்கலாம்.

மூன்று மெயில்களும் கிடைத்தமைக்கு ஒப்புகை அனுப்பக் கோருகிறோம்."

அதன் கீழே பெயர், பதவி, நிறுவனம், இரண்டு தொலைபேசி எண்கள். இத்துடன் மெயில் முடிகிறது. இதில் விலை இல்லை, பம்பின் சிறப்பு இல்லை, எந்த நிபந்தனையும் இல்லை. படிவத்தில் உள்ள எதையும் இந்த மெயில் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எழுதி முடித்த எந்த மெயிலையும் இந்த அளவுகோலை வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும்.

எழுதக் கூடாதவை

முதலில் விலை. இரண்டு கவர் முறையில் விலை முன்கூட்டியே தெரிந்துவிட்டால், தரத்தை எடைபோடும் குழு விலையை மனதில் வைத்து மதிப்பெண் போடும் என்பதுதான் அச்சம். அதனால் விதி கடுமையானது. உலக வங்கியின் இரண்டு கவர் ஆவணங்களில், தொழில்நுட்பப் பகுதியில் விலை பற்றிய முக்கியத் தகவல் இருந்தாலே அந்த ஒப்பந்தப்புள்ளி தகுதியற்றதாக அறிவிக்கப்படும். விலைக் கோப்பைக் கவனமாகப் பூட்டிவிட்டு, மெயிலில் "ஒரு பம்புக்கு இவ்வளவு என்ற குறைந்த விலையில்" என்று ஒரு வரி எழுதினால் பூட்டியதற்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

விலையை நேரடியாக எழுதாமல் கசிய விடும் வழிகளும் உண்டு. மொத்த விலையில் இத்தனை சதவீதம் என்று கணக்கிட்ட முன்வைப்புத் தொகையை மெயிலில் எழுதினால், திருப்பிக் கணக்கிட்டு மொத்த விலையைக் கண்டுபிடிக்கலாம். தொகையை வாங்குநரே நிர்ணயித்திருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. கோப்பின் பெயரிலேயே தொகையைச் சேர்ப்பதும் இதே பிழைதான். பூட்டிய கோப்பின் பெயரைப் படிக்கக் கடவுச்சொல் தேவையில்லை.

அடுத்தது தள்ளுபடி. "எல்லாப் பம்புகளுக்கும் ஆர்டர் தந்தால் இரண்டு சதவீதம் குறைக்கிறோம்" என்பது வியாபாரத்தில் இயல்பான பேச்சு. அதைச் சொல்லும் இடம் விலைப்படிவம். உலக வங்கி முறையில், திறப்பின்போது எல்லோர் முன்னிலையிலும் படிக்கப்பட்ட விலையும் தள்ளுபடியும்தான் கணக்கில் வரும். முகப்பு மெயிலில் ஓரமாக எழுதிய இரண்டு சதவீதம் அங்கே படிக்கப்படாமல் போகலாம். போட்டி நெருக்கமாக இருந்தால், முதலிடத்துக்கு வரவேண்டிய நிறுவனம் அந்த வரி இடம் மாறியதால் இரண்டாவதாக நிற்கும்.

ஒரு வரி, ஒரு தள்ளுபடி

மிக அதிகமாகச் சேதம் செய்வது நிபந்தனை. அதை எழுதுபவர்கள் பெரும்பாலும் நிபந்தனை என்று நினைத்து எழுதுவதில்லை. கோவை நிறுவனத்தின் விற்பனை மேலாளர், உள்ளூர் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிப் பழகிய வரியை அப்படியே இந்த மெயிலின் அடியிலும் போட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்: "வழக்கம்போல் 30 சதவீதம் முன்பணம், மீதி பொருள் அனுப்பும்போது."

டெண்டர் நிபந்தனையோ, பொருள் வந்து சேர்ந்து ஏற்கப்பட்ட பிறகு 30 நாட்களில் பணம் என்கிறது. இணைப்பில் உள்ள படிவத்தில், எல்லா நிபந்தனைகளையும் ஏற்கிறோம் என்று நிறுவன இயக்குநர் கையொப்பமிட்டிருக்கிறார். இப்போது ஒரே ஒப்பந்தப்புள்ளியில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பேச்சுகள் இருக்கின்றன.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 7-ஆவது பிரிவு, ஒப்புதல் முழுமையாகவும் நிபந்தனையின்றியும் இருக்க வேண்டும் என்கிறது. டெண்டரில் முன்மொழிபவர் விற்பவர், ஒப்புக்கொள்பவர் வாங்குநர். முன்பணம் கேட்கும் வரியையும் சேர்த்துத்தான் விற்பவரின் முன்மொழிவு என்றால், வாங்குநர் அதை அப்படியே ஏற்க வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். முன்பணத்தை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை ஏற்றால் அது ஒப்புதல் ஆகாது, புதிய பேரம் ஆகிவிடும்.

உலக வங்கி ஆவணங்கள் இதை இன்னும் தெளிவாகப் பிரித்துச் சொல்கின்றன. டெண்டர் கேட்டதிலிருந்து மாறுவது விலகல். ஏற்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கட்டுப்பாடு விதிப்பது வரையறை இடுதல். கேட்ட தகவலைத் தராமல் விடுவது விடுபடல். இவற்றில் எது ஒன்றும் வாங்குநரின் உரிமையையோ விற்பவரின் கடமையையோ பெரிய அளவில் குறைத்தால், அல்லது அதைத் திருத்திக்கொள்ள அனுமதிப்பது மற்றப் போட்டியாளர்களுக்கு அநியாயமாக முடியும் என்றால், ஒப்பந்தப்புள்ளி தள்ளப்படும். முன்பணம் கேட்பது இந்த இரண்டாவது வகைக்குள் வருகிறது. மற்றவர்கள் முன்பணம் இல்லாமல், வட்டிச் செலவையும் சேர்த்துத்தான் விலை போட்டிருப்பார்கள். "அந்த வரியை நீக்கிக்கொள்கிறோம்" என்று பிறகு எழுதினாலும், தகுதியற்றதாகிவிட்ட ஒப்பந்தப்புள்ளியைத் திருத்தித் தகுதியுள்ளதாக்க அந்த விதி இடம் கொடுப்பதில்லை.

சிறு பிழைகளை நீதிமன்றம் மன்னித்ததும் உண்டு. வாரணாசி டீசல் ரயில் எஞ்சின் ஆலை விற்ற இரும்புக் கழிவுக்கான டெண்டரில், முன்வைப்புத் தொகையைக் குறிப்பிட்ட வங்கியின் வரைவோலையாகத் தராமல் வேறு வங்கியின் சான்றளிக்கப்பட்ட காசோலையாக ஒரு நிறுவனம் தந்தது. அது அடிப்படை நிபந்தனை அல்ல, துணை நிபந்தனைதான், அதிகாரிகள் அதைத் தளர்த்தலாம் என்று 1991-இல் போத்தார் ஸ்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அங்கே பணம் பாதுகாப்பாக வந்து சேர்ந்திருந்தது, வடிவம்தான் வேறு. பணம் கொடுக்கும் முறையையே மாற்றும் வரிக்கு அந்தத் தயவை எதிர்பார்க்க முடியாது.

இதே வகையில் சேரும் இன்னொன்று விலை செல்லுபடியாகும் காலம். டெண்டர் 120 நாட்கள் கேட்டிருக்க, மெயிலில் பழக்கத்தின்படி "இந்த விலை 90 நாட்களுக்கு" என்று எழுதினால் அது குறுகிய காலம். உலக வங்கி விதிகளில் அது தள்ளுபடிக்குக் காரணம். "மூலப்பொருள் விலை மாறாத வரை", "இருப்பு இருக்கும் வரை", "எங்கள் பொது விற்பனை நிபந்தனைகளின்படி" ஆகியவையும் இதே குடும்பம். டெண்டர் நிபந்தனையில் உண்மையிலேயே ஒத்துக்கொள்ள முடியாதது இருந்தால், அதைச் சொல்லும் இடம் சந்தேகம் கேட்கும் காலம். கடைசி நாளன்று அனுப்பும் மெயில் அல்ல.

யாரும் எழுதாத வரிகள்

அனுப்புபவர் எழுதாத வாசகமும் மெயிலில் போவதுண்டு. பல நிறுவனங்களின் மெயில் சர்வர், வெளியே போகும் ஒவ்வொரு மெயிலின் அடியிலும் ஒரு பொறுப்புத் துறப்பைத் தானாகச் சேர்க்கும். "இந்த மெயில் எந்த ஒப்பந்தக் கடமையையும் உருவாக்காது", "இதிலுள்ள கருத்துகள் நிறுவனத்தின் கருத்துகள் அல்ல" என்பவை அவற்றில் வழக்கமானவை. ஒப்பந்தப்புள்ளி என்பதே நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் முன்மொழிவு. அதைச் சுமந்து வரும் மெயில் 'இது கட்டுப்படுத்தாது' என்று சொன்னால், எதிர்த்தரப்பு விளக்கம் கேட்கும். சண்டை பிடிக்க நினைக்கும் போட்டியாளர் அதையே புகாராக எழுதுவார்.

இதைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. துறப்பு வாசகம் சர்வரில் சேர்க்கப்படுவதால், அனுப்பியவரின் 'சென்ட்' பெட்டியில் அது தெரியாது. வெளியே உள்ள வேறொரு மெயில் கணக்குக்கு ஒரு சோதனை மெயில் அனுப்பி, அங்கே திறந்து பார்த்தால்தான் தெரியும். இருந்தால், டெண்டர் அனுப்பும் கணக்குக்கு மட்டும் அதை நிறுத்திவைக்கும்படி மெயிலை நிர்வகிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விளம்பரப் படம், விருதுச் சின்னம், சமூக ஊடகச் சுட்டி ஆகியவற்றையும் அப்போதே எடுத்துவிடலாம். அவை மெயிலின் எடையைக் கூட்டுகின்றன.

பெரிய கோப்பை கிளவுடில் வைத்துவிட்டுச் சுட்டியை மட்டும் அனுப்புவதும், டெண்டர் ஆவணம் அனுமதித்தாலொழிய, கூடாது. சுட்டியின் பின்னால் உள்ள கோப்பைக் கடைசி நேரத்துக்குப் பிறகும் மாற்ற முடியும். அப்படி மாற்றவில்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பை எந்தக் கொள்முதல் அலுவலரும் தலையில் ஏற்றிக்கொள்ள மாட்டார்.

எடையும் நேரமும்

மெயில் கச்சிதமாக இருந்தும் போய்ச் சேராமல் விழுவதற்கு முக்கியக் காரணம் எடை. இணைப்புக் கோப்பு மெயிலில் அப்படியே போவதில்லை. எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் போகும். இந்த மாற்றத்தில் ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்தாகிறது. வரிப் பிரிப்புகளையும் சேர்த்தால் எடை சுமார் 37 சதவீதம் கூடும். ஆகவே மொத்த மெயிலின் எடை 10 எம்.பி.க்குள் இருக்க வேண்டும் என்றால், கோப்பு 7 எம்.பி.க்குள் இருக்க வேண்டும். கோவை நிறுவனம் 11.6 எம்.பி.யை இரண்டாகப் பிரித்ததற்குக் காரணம் இதுதான். 6.2 எம்.பி. கோப்பு வழியில் 8.5 எம்.பி. ஆகி உள்ளே நுழைந்துவிடும். கணினியில் 9 எம்.பி. என்று காட்டும் கோப்பை நம்பி அனுப்பியிருந்தால் அது 12 எம்.பி.க்கு மேல் வீங்கித் திரும்பியிருக்கும். திரும்பிய தகவல் சில நேரம் தாமதமாகத்தான் வரும்; அதற்குள் கடைசி நேரம் கடந்திருக்கும்.

நேரத்தைப் பற்றிச் சட்டமும் பேசுகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 13-ஆவது பிரிவின்படி, பெறுபவர் மின்பதிவுகளைப் பெறுவதற்கென ஒரு கணினி அமைப்பைக் குறிப்பிட்டிருந்தால், மெயில் அதற்குள் நுழையும் நேரம்தான் கிடைத்த நேரம். அவருடைய வேறு முகவரிக்குப் போனாலோ, அவர் அதை எடுத்துப் பார்க்கும் நேரம்தான் கிடைத்த நேரம். தரப்புகள் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை இதுதான் இந்திய விதி. அனுப்புபவர் 'சென்ட்' பொத்தானை அழுத்திய நேரத்துக்கு இதில் மதிப்பில்லை. தவறான முகவரிக்குச் சரியான நேரத்தில் போன மெயில், சட்டப்படியே தாமதமாகச் சேர்ந்ததாகிவிடலாம்.

வெளிநாட்டு டெண்டரில் கடைசி நேரம் எந்த ஊர் நேரம் என்பதையும் பார்க்க வேண்டும். நியூயார்க் நேரம் மாலை 5 மணி என்பது, அங்கே கோடைக் கால நேரம் நடப்பில் இருக்கும்போது இந்தியாவில் மறுநாள் அதிகாலை 2.30, மற்ற மாதங்களில் 3.30. கடைசி நேரத்துக்கு ஒரு முழு வேலை நாள் முன்பே அனுப்பிவிட்டால், திரும்பிவரும் மெயிலைச் சரிசெய்து மறுபடி அனுப்ப அவகாசம் கிடைக்கும்.

திருத்தி அனுப்பும்போது

அனுப்பிய பிறகு பிழை தெரிந்தால், கடைசி நேரத்துக்குள் மாற்றலாம். ஆனால் புதிய மெயிலைச் சும்மா அனுப்பினால் ஒரே நிறுவனத்திடமிருந்து இரண்டு ஒப்பந்தப்புள்ளிகள் வந்ததாக ஆகும். உலக வங்கி முறையில் திரும்பப் பெறுதல், மாற்றாக வைத்தல், திருத்துதல் என்ற மூன்றுக்கும் தனித்தனிச் சொற்களைக் கவரின் மேல் எழுதச் சொல்வார்கள்: `WITHDRAWAL`, `SUBSTITUTION`, `MODIFICATION`. மெயிலிலும் அதே சொல்லை சப்ஜெக்ட் வரியின் தொடக்கத்தில் போட்டு, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு அனுப்பிய எந்தக் கோப்புக்கு எது பதிலாக வருகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். ஏன் மாற்றுகிறோம் என்ற விளக்கம் தேவையில்லை. 'ரீகால்' பொத்தானை நம்பக் கூடாது. வெளி நிறுவனத்தின் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்த மெயிலை அது திரும்ப இழுக்காது.

ஒப்புகை வந்ததும், அனுப்பிய மூன்று மெயில்களையும் ஒப்புகையையும் `.eml` வடிவில் சேமித்து வைப்பது நல்லது. அச்சிட்ட தாளில் அனுப்பியவரின் கணினி காட்டிய நேரம்தான் இருக்கும். ஒப்புகை மெயிலின் தலைப்பகுதியில் உள்ள `Received` வரிகளிலோ, அது எந்தெந்த சர்வர் வழியாக எத்தனை மணிக்குக் கடந்து வந்தது என்ற பதிவு இருக்கிறது. தாமதம் என்று சொல்லி ஒப்பந்தப்புள்ளி தள்ளப்பட்டால், மேல்முறையீட்டில் காட்ட வேண்டிய ஆவணங்கள் இவைதான்.